பதினாறா, பதினேழா?

போன வாரம் ஒரு சாயங்காலம். பேத்தி பிளஸ் ஒன் பிசிக்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நான் அப்போதுதான் ஓ.டி. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

"தாத்தா, நீங்க பர்னஸ்ல வேலை பாத்தீங்கள்ல? இந்தக் கணக்கு தப்பா ஒத்து வருது. எனக்கு பதினாறு வருது, புக்ல பதினேழு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?"

கணக்கு இதுதான். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புக் குண்டு 327 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள இடம் 27 டிகிரி. குண்டை 927 டிகிரிக்குச் சூடாக்கினால், கதிர்வீச்சால் அது இழக்கும் நிகர வெப்பம் எத்தனை மடங்காகும்?

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 27, 327, 927. நாற்பது வருஷத்துக்கு முன்னாலும் கணக்கு போடுகிறவர்களுக்கு இந்த மூன்று எண்கள்தான் பிடிக்கும். ஏன் என்று கேட்டால், 273-ஐக் கூட்டிப் பாருங்கள். 300, 600, 1200. கெல்வினில் அழகாக முழு எண்கள் வந்துவிடும்.

சிரிப்பு வந்த கையோடு வேறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது, இந்தப் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றைக் கவனிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதை இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். முதலில் பேத்தியின் கணக்கை முடித்துவிடுகிறேன். அது புரிந்தால்தான் நான் செய்த தப்பும் புரியும்.

சூடான எந்தப் பொருளும் தன் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு வீசும் என்பதற்கு ஒரு விதி உண்டு. ஸ்டெஃபான் - போல்ட்ஸ்மன் விதி என்று நம் காலத்துப் பாடப் புத்தகத்திலும் இருந்தது.

P = e σ A T⁴

A என்பது குண்டின் மேற்பரப்பு. T என்பது கெல்வினில் வெப்பநிலை. அதை நான்கு தடவை தன்னோடு தானே பெருக்க வேண்டும். σ ஒரு மாறாத எண், 5.67 × 10⁻⁸. e என்பது மேற்பரப்பின் குணம். எமிசிவிட்டி என்று ஷாப்பில் சொல்வோம். முழுக் கரும்பொருளுக்கு அது 1. பளபளவென்று பாலிஷ் போட்ட எஃகுக்கு மிகவும் குறைவு. பர்னஸிலிருந்து எடுத்து மேலே கருப்பாகச் செதில் பிடித்த இரும்புக்குச் சுமார் 0.8 என்று வைத்துக்கொள்ளலாம்.

பேத்தியின் குண்டுக்கு ஆரம் 5 சென்டிமீட்டர். மேற்பரப்பு 4πr², அதாவது 0.0314 சதுர மீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் குறைவான பரப்பு. இதை 1200 கெல்வினில் போட்டுப் பார்த்தால் 2,955 வாட் வருகிறது. ஏறக்குறைய மூன்று கிலோவாட். கையளவு குண்டு இவ்வளவு சூட்டை வீசுகிறது என்றால் பர்னஸ் பக்கம் போகாதவர்கள் நம்ப மாட்டார்கள். போனவர்களுக்குக் கன்னத்தில் இன்னும் அந்தச் சூடு நினைவிருக்கும்.

அதே குண்டு 600 கெல்வினில், அதாவது 327 டிகிரியில், 185 வாட் மட்டுமே வீசுகிறது. வெப்பநிலை பாதிதான். ஆனால் வீச்சு பதினாறில் ஒரு பங்கு. இரண்டை நான்கு தடவை பெருக்கினால் பதினாறு, அவ்வளவுதான். பேத்தி சொன்ன பதினாறு இதுதான்.

"அப்ப நான் போட்டது சரிதானே தாத்தா?"

"வீசறது பதினாறு மடங்கு, சரிதான். ஆனா கேள்வி என்ன கேக்குது? நிகர வெப்பம்னு கேக்குது. குண்டு மட்டுமா வீசுது? சுவரு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சுவர் எதற்கு வீசும் என்று யோசிப்பது தெரிந்தது. நம்மில் பலருக்கும் இதுதான் இடறுகிற இடம். 27 டிகிரியில் இருக்கிற சுவர், கூரை, மேசை, நான், நீங்கள் எல்லோரும் வீசிக்கொண்டுதான் இருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. அந்தக் குண்டே 27 டிகிரியில் சும்மா மேசைமேல் கிடந்தாலும் சுமார் பதினொன்றரை வாட் வீசுகிறது. ஆனால் அது குளிர்ந்துகொண்டே போவதில்லை. ஏனென்றால் சுற்றியுள்ளவை அனுப்புகிற அதே பதினொன்றரை வாட்டை அது வாங்கிக்கொள்கிறது. வரவும் செலவும் சமம். கையில் நிற்பது பூஜ்யம்.

ஆகவே சூடான குண்டின் கணக்கிலும் இந்த வரவைக் கழிக்க வேண்டும். 1200 கெல்வினில் 2,955-லிருந்து 11.5 போனால் 2,943 வாட். 600 கெல்வினில் 185-லிருந்து அதே 11.5 போனால் 173 வாட். வகுத்துப் பாருங்கள், பதினேழு வரும். இன்னும் சுலபமாக வேண்டுமானால், 300 கெல்வினில் வீசுவதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 600-ல் 16 பங்கு, 1200-ல் 256 பங்கு. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 15, 255. 255-ஐ 15-ஆல் வகுத்தால் பதினேழு. அச்சுப் பிழை ஒன்றுமில்லை.

"பெரிய தொகையில ஒண்ணு போனா தெரியாது. சின்னத் தொகையில ஒண்ணு போனா தெரியும்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உடனே இன்னொன்று கேட்டாள். "அப்ப 327-ஐ இரட்டிப்பாக்கி 654 டிகிரின்னு குடுத்திருந்தா? அதுவும் பதினாறா?"

நல்ல கேள்வி. ஷாப் ஃப்ளோரில் பெரிய படிப்புப் படித்தவர்களே வழுக்கி விழுந்த இடம் இது. செல்சியஸில் இரட்டிப்பு என்பது இரட்டிப்பே அல்ல. தண்ணீர் உறைகிற இடத்தைப் பூஜ்யம் என்று நாமாக வைத்துக்கொண்டோம். இரும்புக்கு அது தெரியாது. 654-உடன் 273-ஐக் கூட்டினால் 927 கெல்வின். 600-லிருந்து 927 என்றால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். நான்கு தடவை பெருக்கினால் ஆறு மடங்குகூட வராது. பதினாறு எங்கே, ஆறு எங்கே!

இந்த நான்காம் அடுக்கு எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் இதையொட்டிய கதைதான். லண்டனில் டிண்டால் என்ற விஞ்ஞானி பிளாட்டினம் கம்பியைச் சூடாக்கிக் கதிர்வீச்சை அளந்திருந்தார். மங்கிய சிவப்பில் 525 டிகிரி, வெள்ளைச் சூட்டில் 1200 டிகிரி. வீச்சு 11.7 மடங்கு கூடியிருந்தது. 1879-இல் வியன்னாவில் ஜோசஃப் ஸ்டெஃபான் அந்த எண்களை எடுத்து, 273-ஐக் கூட்டி, 798-ஐயும் 1473-ஐயும் வைத்து நான்காம் அடுக்கைப் போட்டுப் பார்த்தார். 11.6 வந்தது. பிளாட்டினம் கரும்பொருள் இல்லை, அதனால் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனாலும் விதி சரிதான். ஐந்து வருஷம் கழித்து, 1884-இல், அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் அதைக் கோட்பாட்டு வழியிலும் நிரூபித்தார். செல்சியஸிலேயே வகுத்திருந்தால் ஸ்டெஃபானுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

பேத்தி நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

1980-களின் நடுப்பகுதி. எஸ்டேட் அப்போது எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் ஒரு ஊரே இறங்கும். டிபன் கேரியரும் கையுமாகத் தண்டவாளத்தைத் தாண்டி நடப்போம். நான் வேலை பார்த்தது ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில். பெயர் வேண்டாம். அரவை மில்களில் போடுகிற எஃகுக் குண்டுகளை வாங்கி, சூடாக்கி, எண்ணெயில் முக்கி, கெட்டிப்படுத்தித் திருப்பி அனுப்புவோம்.

வேலை கேட்பதற்குச் சுலபம். குண்டுகளைக் கம்பிக் கூடையில் நிரப்பிக் குழி பர்னஸில் இறக்க வேண்டும். 850 டிகிரிக்குக் கொண்டுபோய், உள்ளே வரை சூடு சமமாகும்படி ஊற விட வேண்டும். பிறகு ஹாய்ஸ்ட்டில் மாட்டித் தூக்கி, நாலு அடி தள்ளியிருக்கிற ஆயில் டேங்கில் இறக்க வேண்டும். எண்ணெயில் சட்டென்று குளிரும்போதுதான் எஃகு கெட்டியாகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெயைத் தொடும் நொடியில் எஃகு இன்னும் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். 727 டிகிரிக்குக் கீழே போய் அங்கே கொஞ்ச நேரம் தங்கிவிட்டால் எஃகின் உள்ளமைப்பு வேறு மாதிரி மாறத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் எண்ணெயில் போட்டாலும் முழுக் கெட்டி வராது.

நாங்கள் வழக்கமாகச் செய்தது 100 மில்லிமீட்டர் குண்டுகள். அந்த முறை 25 மில்லிமீட்டர் குண்டுகள் வந்தன. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. அனுப்பிய பத்து நாளில் வாடிக்கையாளர் ஆள் அனுப்பிவிட்டார். சில குண்டுகள் கல்லாக இருக்கின்றன, சில குண்டுகள் மில்லில் சப்பளிந்து போகின்றன என்று புகார். திரும்பி வந்த மூட்டையிலிருந்து சிலவற்றை எடுத்து, ஒரு பக்கம் தட்டையாக அரைத்து, ராக்வெல் மிஷினில் வைத்தோம். 60-க்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் சில குண்டுகள் 45 காட்டின. மற்றவை 62, 63. ஒரே கூடை, ஒரே பர்னஸ், ஒரே எண்ணெய்.

யாராவது பதில் சொல்ல வேண்டுமே. அன்று கூடையைக் கையாண்டவர் ஒரு கான்ட்ராக்ட் ஹெல்ப்பர். திருநின்றவூர் பக்கத்திலிருந்து ரயிலில் வருவார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கூடையை டேங்கில் இறக்கியபின் சரியாக ஆட்டவில்லை, அதனால் நடுவில் இருந்த குண்டுகளுக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று மேலே முடிவு கட்டிவிட்டார்கள். நியாயமாகத் தோன்றுகிற காரணம்தான். எண்ணெய் ஓடாவிட்டால் கூடையின் நடுப்பகுதிதான் முதலில் கெடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

தம்பி என்னிடம் வந்து சொன்னார். "சார், நான் நல்லாதான் ஆட்டினேன். அன்னிக்கு ஹாய்ஸ்ட்டு நடுவுல நின்னு போச்சு சார். கூடை தொங்கிக்கினு இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் இருக்கும். மேல இருக்கிற குண்டெல்லாம் கருத்துப் போச்சு, உள்ள பாத்தா மட்டும் செவப்பா தெரிஞ்சுது."

ஹாய்ஸ்ட் மக்கர் செய்வது எனக்குப் புதிதல்ல. 100 மில்லிமீட்டர் குண்டுகளோடு எத்தனையோ தடவை தொங்கியிருக்கிறது. ஒன்றும் ஆனதில்லை. "ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிடும் தம்பி?" என்று கேட்டுவிட்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, வெளியிலிருந்து எப்போதாவது ஆலோசனைக்கு வரும் ஒரு வயதான மெட்டலர்ஜி சார் வந்தார். கெட்ட குண்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் முதலில் கேட்டது, "கெட்டது கூடையில எந்த இடத்துக் குண்டு?" என்றுதான். எங்களுக்குத் தெரியாது. மூட்டையில் எல்லாம் கலந்துவிட்டிருந்தது. அவர் ஷாப்பில் மிச்சமிருந்த குண்டுகளைக் கூடையில் போடச் சொன்னார். 850-இல் ஊறியபின் கூடையைத் தூக்கி, வேண்டுமென்றே இரண்டு நிமிடம் தொங்கவிட்டு, பிறகு எண்ணெயில் இறக்கச் சொன்னார். ஆறியதும் மேல் அடுக்கிலிருந்து ஐந்து, கூடையின் ஓரத்திலிருந்து ஐந்து, நடு வயிற்றிலிருந்து ஐந்து எடுத்துத் தனித்தனியாக அளக்கச் சொன்னார்.

நடுவில் இருந்தவை எல்லாம் 62-க்கு மேல். மேலேயும் ஓரத்திலும் இருந்தவைதான் மெத்தென்று போயிருந்தன.

எண்ணெய் போய்ச் சேராத கோளாறாக இருந்தால் நேர் எதிராக வந்திருக்கும். நடு கெட்டு, ஓரம் நன்றாக இருந்திருக்கும். நான் வாயடைத்து நின்றேன். அவர் லாக் ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்று போட்ட அதே கணக்கைத்தான் இப்போது எழுதுகிறேன்.

25 மில்லிமீட்டர் குண்டின் எடை 64 கிராம். அதை ஒரு டிகிரி குளிரவைக்க அந்தச் சூட்டில் சுமார் 40 ஜூல் வெளியே போனால் போதும். 850 டிகிரியில், அதாவது 1123 கெல்வினில், அந்தச் சின்னக் குண்டு சுமார் 140 வாட் வீசுகிறது. அதாவது வினாடிக்கு 140 ஜூல். தனியாகத் தொங்கவிட்டால் வினாடிக்கு மூன்றரை டிகிரி இறங்கும்.

இப்போது 100 மில்லிமீட்டர் குண்டைப் பாருங்கள். விட்டம் நான்கு மடங்கு. மேற்பரப்பு பதினாறு மடங்கு, ஆகவே வீசுவதும் பதினாறு மடங்கு. ஆனால் எடை அறுபத்துநான்கு மடங்கு. செலவு பதினாறு, கையிருப்பு அறுபத்துநான்கு. அதனால் அது கால்வாசி வேகத்தில்தான் குளிரும். வினாடிக்கு ஒரு டிகிரிகூட இல்லை. பெரிய குண்டுக்கு ஒன்றும் ஆகாத இரண்டு நிமிடம் சின்னக் குண்டைக் கொன்றுவிடும். பெரிய குண்டைப் பார்த்துப் பழகிய கண்ணால் சின்னக் குண்டுக்குத் தீர்ப்பு சொன்னேன். அது முதல் தப்பு.

இரண்டாவதுதான் பேத்தியின் பதினேழு. கூடைக்குள் இருக்கிற குண்டும் 140 வாட் வீசத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருப்பது 27 டிகிரி சுவரா? இல்லை, 850 டிகிரியில் இருக்கிற மற்ற குண்டுகள். அவையும் அதே அளவு அதன்மேல் வீசுகின்றன. 140 போகிறது, 140 வருகிறது. நிகரம் பூஜ்யம். அதனால் நடுவில் இருந்தது குளிரவே இல்லை. மேல் அடுக்குக் குண்டுக்குக் கீழ்ப்பாதி சூடான அண்டை வீட்டைப் பார்க்கிறது, மேல்பாதி கூரையைப் பார்க்கிறது. பாதிக்குத்தான் செலவு. வினாடிக்கு ஒன்றேமுக்கால் டிகிரி. காற்று கொண்டுபோவதையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு. குளிரக் குளிர வீச்சு குறையும், அடியில் இருக்கிற சூடான குண்டுகளும் கொஞ்சம் ஈடு செய்யும். அப்படியும் முதல் நிமிடத்தில் 750-ஐத் தொட்டுவிடும், இரண்டாவது நிமிட முடிவில் 700-ஐ ஒட்டி வந்துவிடும். 727-ஐத் தாண்டியாயிற்று.

மேசையின்மேல் சும்மா கிடக்கிற குண்டுக்குச் சுவர் திருப்பிக் கொடுப்பது பதினொன்றரை வாட், கணக்கில் ஒரு பங்கு. அதை நான் வாழ்நாளெல்லாம் விட்டுவிட்டுத்தான் யோசித்திருந்தேன். அந்தச் சுவருக்குப் பதிலாகப் பக்கத்தில் இன்னொரு சூடான குண்டு இருந்தால் அந்த வரவு எவ்வளவு பெரிதாகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மேலே கருத்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது என்று தம்பி சொன்னாரே, அதுவும் இதேதான். சூடான குண்டுக் குவியலை மேலிருந்து பார்த்தால் குண்டுகளுக்கு நடுவே இருக்கிற சந்துகள் எப்போதும் குண்டுகளைவிடப் பிரகாசமாகத் தெரியும். உள்ளே இருப்பவை சூடு இழக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தச் சந்துக்குள் கதிர் மாறி மாறிப் பட்டு வெளியே வருவதால் அது ஏறக்குறைய முழுக் கரும்பொருளைப் போல வீசுகிறது. கரி அடுப்பில் கங்குகளின் இடுக்கு மட்டும் தகதகவென்று இருப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தம்பி பத்தாவது கூட முடிக்கவில்லை. ஆனால் கூடையில் எங்கே சூடு போயிற்று, எங்கே போகவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சரியாகச் சொல்லியிருந்தார். கணக்கு தெரிந்தவன் நான்தான் அதைக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று காரியம் செய்தோம். ஹாய்ஸ்ட்டை மாற்றினார்கள். பர்னஸ் மூடி திறந்ததிலிருந்து கூடை எண்ணெயைத் தொடுகிற வரை எத்தனை வினாடி என்று லாக் ஷீட்டில் எழுதத் தொடங்கினோம். சின்னக் குண்டுக்கு முப்பது வினாடி என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். தாண்டினால் எண்ணெயில் போடக் கூடாது, திரும்பப் பர்னஸுக்கே இறக்கிச் சூடேற்ற வேண்டும். மூன்றாவதாக, அளக்கும்போது மேலே, ஓரம், நடு என்று குறித்து எடுத்தோம். மேலும் ஓரமும் கெட்டால் தாமதம், நடு கெட்டால் எண்ணெய். அதற்குப் பிறகு நான் ரிடையர் ஆகும்வரை இந்தச் சோதனை ஏமாற்றியதில்லை.

பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர் வாசித்துவிட்டு ஃபைலில் வைத்தார். தம்பியை மறுபடி கூப்பிடலாமா என்று கேட்டேன். கான்ட்ராக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றார். கான்ட்ராக்டர் வேறு ஆள் போட்டாயிற்று என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் போய் விசாரித்தேன். வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் அம்மா மட்டும் இருந்தார். பையன் பூந்தமல்லி பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்றார். மோர் கொடுத்தார். ஹாய்ஸ்ட் பழுதுதான் காரணம், உங்கள் பையன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். "அவன்தான் அப்பவே சொன்னானே சாமி" என்றார். மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

முந்தாநாள் பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஆனா தாத்தா, நிஜமா அந்தப் பெரிய குண்டு 927-ல குளிர்றது 327-ல குளிர்றதைவிடப் பதினேழு மடங்கு வேகமா இருக்காதுல்ல? நீங்கதான் காத்தும் எடுத்துக்கும்னு சொன்னீங்களே" என்றாள்.

சரிதான். காற்று எடுத்துக்கொள்வது நான்காம் அடுக்கில் ஏறாது. வெப்பநிலை வித்தியாசத்துக்குத் தகுந்தபடி ஏறக்குறைய நேராகத்தான் ஏறும். காற்றோட்டம் இல்லாத அறையில் அந்த 100 மில்லிமீட்டர் குண்டிலிருந்து 927 டிகிரியில் காற்று முன்னூறு வாட்டுக்குள் எடுக்கும். கதிர் எடுக்கிற 2,943-க்கு முன்னால் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 327 டிகிரியில் காற்று எண்பது, தொண்ணூறு வாட் எடுக்கும். அங்கே கதிர் எடுப்பதே 173 என்பதால் அது பெரிய பங்கு. இரண்டையும் கூட்டி வகுத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்குதான் வரும். வீசுவது பதினாறு, நிகரக் கதிர்வீச்சு பதினேழு, மொத்த இழப்பு பன்னிரண்டரை. மூன்றும் சரி. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதைப் பார்த்து எழுத வேண்டும்.

பரீட்சையில் பதினேழு என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

திருநின்றவூர் தம்பிக்கு இப்போது அறுபது வயதைத் தாண்டியிருக்கும். ரிடையர் ஆகிப் பேரன் பேத்தியோடு எங்காவது இருப்பார். இதை வாசிக்கிற யாருக்காவது, எஸ்டேட்டில் குண்டு கெட்டுப்போனதற்காக வேலையை விட்ட கதையை அவர் சொல்லக் கேட்ட ஞாபகம் இருந்தால், மேல் அடுக்குக் குண்டுதான் கெட்டது என்று அவர் சொன்னது சரி என்று சொல்லிவிடுங்கள்.